கனடா பாங்குக்குத் தமிழ்க் கடிதம்: நோட்டரி கட்டாயமா, மொழிபெயர்ப்பு மட்டும் போதுமா?

மாந்தோப்பு (போச்சம்பள்ளி), 11 பிப்ரவரி 2025

தம்பி கனடாவில் வீடு வாங்குகிறான். முன்பணத்தில் 12 லட்சம் அம்மா தருகிறார். தோப்புக் குத்தகைப் பணத்தைப் பல வருடமாக எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் டெபாசிட் போட்டு வைத்திருந்தார், அதுதான். அங்கே வீட்டுக்கடன் தரும் பாங்கு இரண்டு தாள் கேட்டது. ஒன்று, இது கடன் இல்லை, அன்பளிப்பு என்று அம்மா கொடுக்கும் கடிதம். இன்னொன்று, பணம் எங்கிருந்தது என்று சங்கம் கொடுக்கும் கடிதம். இரண்டும் தமிழில் இருக்கின்றன. அம்மா கைப்பட எழுதினார், சங்கத்துச் செயலாளர் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார்.

சித்தப்பா பையன் எம்.ஏ. ஆங்கிலம். அவனே மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினான், திரும்பி வந்துவிட்டது. கிருஷ்ணகிரி கோர்ட் பக்கம் ஒருவர் நோட்டரியோடு சேர்த்து 1500 ரூபாய் என்கிறார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து டைப்பிங் சென்டரில் 300 ரூபாய், நோட்டரியெல்லாம் வேண்டாம், எங்கள் சீலே போதும் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

தொப்பூர் இறக்கம், 11 பிப்ரவரி 2025

இரண்டும் சரியில்லை. வெளிநாடு என்றால் அப்போஸ்டில் போட்டே ஆக வேண்டும். நான் மஸ்கட் வேலைக்குப் போனபோது டிகிரிக்குப் போட்டேன். நோட்டரி, அப்புறம் சென்னை, அப்புறம் டெல்லி. ஏஜென்ட்டிடம் கொடுத்து மூன்று வாரம் காத்திருந்தேன். நோட்டரி சீலை மட்டும் வைத்துக்கொண்டு போனால் வெளிநாட்டில் சிரிப்பார்கள்.

ஓய்வுபெற்ற பாஸ்புக் (தர்மபுரி), 12 பிப்ரவரி 2025

பாங்கில் 27 வருடம், கடைசி எட்டு வருடம் அந்நியச் செலாவணி மேஜையில். அந்த உரிமையில் சொல்கிறேன்.

நோட்டரி வேண்டுமா வேண்டாமா என்பதைக் கிருஷ்ணகிரியில் யாரும் முடிவு செய்ய முடியாது. இந்தியச் சட்டம் எதுவும் "வெளிநாட்டு பாங்குக்குப் போகும் தமிழ்க் கடிதத்துக்கு நோட்டரி வை" என்று சொல்லவில்லை. வாங்கிக்கொள்கிறவன் என்ன கேட்கிறானோ அதுதான் விதி. கோர்ட் பக்கத்து ஆளும் டைப்பிங் சென்டரும் கனடா பாங்கு அனுப்பிய மெயிலைப் படித்தார்களா? இல்லை அல்லவா. அப்புறம் அவர்கள் சொல்லும் பதிலுக்கு என்ன மதிப்பு?

அப்போஸ்டில் கதை வேறு. அது மொழிபெயர்ப்பைப் பற்றியதே இல்லை. தாளில் இருக்கும் சீலும் கையெழுத்தும் உண்மையில் அந்த அதிகாரியுடையதுதான் என்று நம் வெளியுறவுத் துறை சொல்வது அது. டிகிரியைப் பார்க்கிறவனுக்கு அது தேவைப்படலாம். வீட்டுக்கடன் பாங்கு கேட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.

மெயிலில் உள்ள வாசகத்தை அப்படியே போடுங்கள். பெயர், கணக்கு எண்ணை மட்டும் எடுத்துவிடுங்கள்.

மாந்தோப்பு, 12 பிப்ரவரி 2025

தம்பியிடம் வாங்கினேன். ஆங்கிலத்தில் இருந்ததன் சாரம்: "ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத ஆவணத்தோடு சான்றளித்த மொழிபெயர்ப்பு இருக்க வேண்டும். மொழிபெயர்த்தவர் சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லையென்றால், அவர் கொடுத்த உறுதிமொழிப் பத்திரமும் இருக்க வேண்டும். கடன் கேட்பவரோ அவர் குடும்பத்தினரோ மொழிபெயர்க்கக் கூடாது."

முதல் வரியை மட்டும் படித்துவிட்டு அனுப்பிவிட்டோம் போல.

ஓய்வுபெற்ற பாஸ்புக், 12 பிப்ரவரி 2025

இரண்டாவது வரியில்தான் பதில் இருக்கிறது.

கனடாவில் "சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளர்" என்றால் அங்கே மாகாணத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் அமைப்பு இருக்கிறது, அதில் உறுப்பினராக இருப்பவர். அவர் சீல் வைத்தால் நோட்டரி தேவையில்லை. அப்படி ஒரு ஆள் கிருஷ்ணகிரியிலும் இல்லை, தர்மபுரியிலும் இல்லை. டைப்பிங் சென்டர் சீலில் "அங்கீகரிக்கப்பட்டது" என்று எழுதியிருக்கலாம். யார் அங்கீகரித்தது என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு டீக்கடைப் பக்கம் திரும்பிவிடும்.

ஆகவே நமக்கு மிச்சமிருப்பது இரண்டாவது வழி. மொழிபெயர்த்தவர் நோட்டரி முன்னால் நின்று, "எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது மூலத்துக்கு மாறாமல் செய்த மொழிபெயர்ப்பு" என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் விஷயத்தில் நோட்டரி கட்டாயமாவது இந்த ஒரு காரணத்தால்தான்.

சித்தப்பா பையன் ஏன் ஆகாது என்றால், கனடா குடியேற்றத் துறை விதியிலேயே அது இருக்கிறது. பெற்றோர், உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி, மாமா அத்தை என்று ஒரு பட்டியல் போட்டு, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் பாங்கு அந்தத் துறையின் நடைமுறையைப் பார்த்து எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன், வாசகம் அப்படித்தான் இருக்கிறது. இன்னொரு பாங்கு வேறு மாதிரி எழுதியிருக்கலாம்.

ஓசூர் ஷிப்ட், 13 பிப்ரவரி 2025

எல்லா நாட்டுக்கும் இப்படி என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். என் தங்கை பிரிட்டன் மாணவர் விசாவுக்குப் போட்டபோது அப்பாவின் தமிழ்க் கடிதத்துக்கு நோட்டரி, பத்திரம் என்று தண்டமாகச் செலவு செய்தேன். அவர்கள் கேட்டது வேறு. இது சரியான மொழிபெயர்ப்பு என்று ஒரு வரி, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப் பெயரும் கையெழுத்தும், அவரைத் தொடர்புகொள்ளும் விவரம். நோட்டரி என்ற வார்த்தையே இல்லை. வேடிக்கை என்னவென்றால், நோட்டரி சீல் பளிச்சென்று இருந்தது, மொழிபெயர்த்தவரின் போன் நம்பர் எங்கேயும் இல்லை. அதைக் கேட்டுத்தான் எங்களை அலைய விட்டார்கள்.

அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கும் நோட்டரி வேண்டியதில்லை. முழுமையாகவும் சரியாகவும் மொழிபெயர்த்திருக்கிறேன், எனக்கு அந்தத் தகுதி இருக்கிறது என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட்டால் முடிந்தது. கூட வேலை பார்க்கும் பையன் அப்படித்தான் அனுப்பினான்.

கேஆர்பி டேம், 13 பிப்ரவரி 2025

12 லட்சம் கனடாவுக்கு எப்படி அனுப்புவது? எந்த பாங்கில் கமிஷன் குறைவு? என் மகளுக்கும் அனுப்ப வேண்டும்.

மாந்தோப்பு, 13 பிப்ரவரி 2025

அண்ணா, இங்கே பேசுவது தாளைப் பற்றி, பணம் அனுப்புவதைப் பற்றி இல்லை.

ஓய்வுபெற்ற பாஸ்புக், 13 பிப்ரவரி 2025

ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணக்கு இருக்கும் பாங்குக்கே பான் அட்டையோடு போங்கள், அனுப்பும் காரணத்தை "அன்பளிப்பு" என்று சரியாகக் குறியுங்கள். ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். மிச்சத்துக்குத் தனியாக ஒரு இழை போடுங்கள், அங்கே வருகிறேன்.

பென்னாகரம்காரி, 15 பிப்ரவரி 2025

தர்மபுரியில் 14 வருடமாகப் பத்திரமும் கடிதமும் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். பாஸ்புக் சார் சொன்னது சரி. ஆனால் எல்லாரும் சீலைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னிடம் திரும்பி வந்த கேஸ்களில் பாதிக்கு மேல் சீலால் வந்ததில்லை, மொழிபெயர்ப்புக்குள் இருந்த சின்னச் சமாச்சாரத்தால் வந்தவை.

முதலாவது இனிஷியல். கடிதத்தில் "கோ." என்று இருக்கும். அதை கே என்று எழுதுவதா, ஜி என்று எழுதுவதா? அப்பா பெயர் கோவிந்தசாமி என்றால் பாஸ்போர்ட்டில் ஜி. கோபாலன் என்றாலும் ஜி. ஆனால் கோட்டைச்சாமி என்றால் கே. தமிழில் ஒரே எழுத்து. கடிதத்தை மட்டும் பார்த்து மொழிபெயர்க்கிறவருக்கு இது தெரிய வழியில்லை. அங்கே கனடா பாங்கில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு கே வேறு ஆள், ஜி வேறு ஆள். அதனால் பாஸ்போர்ட் நகலோ பான் நகலோ இல்லாமல் வருகிறவர்களிடம் நான் வேலை வாங்குவதில்லை. "என்னம்மா இதுக்குப் போய் பாஸ்போர்ட் கேக்கற" என்று திட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. அடுத்த மாதம் பாஸ்போர்ட்டோடு வந்தவர்களும் உண்டு.

இரண்டாவது கமா. 12,40,000 என்று நாம் போடுவோம். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது அச்சுப்பிழை. 1,240,000 என்று அவர்கள் வழக்கப்படி போட்டு, கூடவே எழுத்தில் ஒரு மில்லியன் இருநூற்று நாற்பதாயிரம் இந்திய ரூபாய் என்றும் எழுதிவிடுகிறேன். "லட்சம்" என்ற சொல்லை அப்படியே விட்டால் கேள்வி வரும். ஒரு தடவை லட்சம் என்பது ஊர் பெயரா என்று கேட்டே ஒரு மெயில் வந்தது.

மூன்றாவது தேதி. 04-05-2024 என்றால் நமக்கு மே நான்கு, அங்கே சிலருக்கு ஏப்ரல் ஐந்து. மாதத்தை எழுத்தில் எழுதினால் தொல்லை இல்லை.

நான்காவது சீலும் ஓரத்துக் கிறுக்கலும். சங்கத்துக் கடிதத்தில் வட்ட சீல் இருக்கும், அதற்குள் சங்கத்தின் பெயரும் பதிவு எண்ணும் தமிழில் இருக்கும். பக்கத்தில் செயலாளர் பச்சை மையில் ஏதாவது குறித்திருப்பார். "முழுமையான மொழிபெயர்ப்பு" என்று சத்தியம் செய்தால் அதையும் மொழிபெயர்க்க வேண்டும். படிக்க முடியாவிட்டால் "சீல், தெளிவில்லை" என்று எழுத வேண்டும். விட்டுவிடக் கூடாது. மூலத்தில் நாலு சீல் இருந்து மொழிபெயர்ப்பில் ஒன்றுகூட இல்லையென்றால், தமிழ் தெரியாதவனுக்கும் ஏதோ விட்டுப்போனது தெரியும்.

மாந்தோப்பு, 15 பிப்ரவரி 2025

அக்கா, அம்மா பெயருக்கு முன்னாலும் "கோ." தான் இருக்கிறது. தாத்தா பெயர் கோவிந்தன். சித்தப்பா பையன் கே என்று போட்டிருக்கிறான். இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன்.

தொப்பூர் இறக்கம், 15 பிப்ரவரி 2025

எம்.ஏ. ஆங்கிலம்!

மாந்தோப்பு, 25 பிப்ரவரி 2025

மறுபடியும் திரும்பி வந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

ஊரில் ரிட்டயர்ட் வாத்தியார் ஒருவரை மொழிபெயர்க்க வைத்தேன், சொந்தம் இல்லை. இனிஷியல், கமா எல்லாம் அக்கா சொன்னபடி. அவரைக் கூட்டிக்கொண்டு கோர்ட் வளாகத்துக்குப் போனேன். நோட்டரி வக்கீல் வேறு கேஸில் இருந்தார், குமாஸ்தா தாளை வாங்கிக்கொண்டு போனார். பத்து நிமிடத்தில் எல்லாத் தாளிலும் சிவப்பு சீல், ஸ்டாம்பு, கையெழுத்து. பார்க்க ஜம்மென்று இருந்தது. வாத்தியார் வெளியே பெஞ்சில் கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவரை யாரும் உள்ளே கூப்பிடவே இல்லை.

பாங்கு சொன்ன காரணம்: "இது நகலுக்கான சான்று. மொழிபெயர்த்தவரின் உறுதிமொழி இல்லை." சீலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "உண்மை நகல்" என்று இருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பின் மேலும் அதே உண்மை நகல்!

ஓய்வுபெற்ற பாஸ்புக், 25 பிப்ரவரி 2025

இதை முதலிலேயே எச்சரித்திருக்க வேண்டும், என் தப்பு. "நோட்டரி போடு" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் நம் ஊரில் கிடைப்பது உண்மை நகல் சீல்தான். நாள் முழுக்க அவர்களிடம் வருவது அந்த வேலை.

நோட்டரிகள் சட்டம் 1952, பிரிவு 8இல் நோட்டரி செய்யக்கூடிய வேலைகள் வரிசையாக இருக்கின்றன. சத்தியப்பிரமாணம் செய்துவைத்து உறுதிமொழிப் பத்திரம் வாங்குவது ஒரு வேலை. ஆவணத்தை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மொழிபெயர்ப்பதும், மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதும் வேறொரு வேலை. நகலும் மூலமும் ஒன்றுதான் என்று சொல்வது இந்த இரண்டிலும் சேராது. சீல் ஒரே சீல், அதற்கு மேலே இருக்கும் வாசகம்தான் எந்த வேலை நடந்தது என்று சொல்கிறது. கனடாக்காரன் அந்த வாசகத்தைப் படித்திருக்கிறான்.

உங்களுக்கு வேண்டியது முதல் வேலை. வாத்தியார் பெயரில் உறுதிமொழிப் பத்திரம். அவர் நேரில் நின்று, நோட்டரி கண்ணெதிரில் கையெழுத்துப் போட வேண்டும். குமாஸ்தா கையில் தாளைக் கொடுத்துவிட்டுக் கடலை தின்னக் கூடாது.

ஓசூர் ஷிப்ட், 26 பிப்ரவரி 2025

ஒரு சந்தேகம். நோட்டரியே மொழிபெயர்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் வாத்தியார் எதற்கு? நோட்டரி வக்கீலே மொழிபெயர்த்துச் சீல் வைத்தால் ஒரே வேலையில் முடியுமே?

ஓய்வுபெற்ற பாஸ்புக், 26 பிப்ரவரி 2025

நல்ல கேள்வி. சரிபார்த்த மொழிபெயர்ப்பு போதும் என்கிற நிறுவனத்துக்கு அது செல்லும். ஆனால் மாந்தோப்பின் பாங்கு கேட்பது "மொழிபெயர்த்தவர் சத்தியம் செய்த பத்திரம்". நோட்டரியே மொழிபெயர்த்தால் அவர் யார் முன்னால் சத்தியம் செய்வார்? கண்ணாடி முன்னாலா? இன்னொரு நோட்டரியிடம் போக வேண்டும். அதற்கு வாத்தியாரே மேல்.

பென்னாகரம்காரி, 26 பிப்ரவரி 2025

இதில் நான் கொஞ்சம் ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். நோட்டரியே மொழிபெயர்த்துச் சான்று கொடுத்த இரண்டு கடிதம் கனடாவுக்குப் போய்க் கேள்வி இல்லாமல் முடிந்திருக்கிறது. பார்க்கிற ஆளைப் பொறுத்தது. ஆனாலும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஓய்வுபெற்ற பாஸ்புக், 26 பிப்ரவரி 2025

இருக்கலாம். அது அதிர்ஷ்டமா, விதியா என்று எனக்கு இரண்டு கேஸை வைத்துச் சொல்ல வராது.

தொப்பூர் இறக்கம், 27 பிப்ரவரி 2025

நான் சொன்னதை எல்லாரும் ஓரம் கட்டிவிட்டீர்கள். கனடாவும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது, தெரியுமா? 2024 ஜனவரி 11 முதல். இந்தியா 2005லேயே சேர்ந்தாயிற்று. அப்படியென்றால் இனி கேட்கத்தானே செய்வார்கள்?

ஓய்வுபெற்ற பாஸ்புக், 27 பிப்ரவரி 2025

தேதி சரி. முன்பு தூதரகம் வரை போய்ச் சான்று வாங்க வேண்டிய இடத்தில் இப்போது ஒரு அப்போஸ்டிலோடு முடியலாம், அவ்வளவுதான் அதன் பொருள். கேட்காத இடத்திலும் கொடுக்க வேண்டும் என்று ஆகிவிடாது. அங்கே கோர்ட்டில் வாரிசு விஷயமாகப் பவர் பத்திரம் காட்டுகிறவருக்கு உங்கள் யோசனை பயன்படலாம். வீட்டுக்கடன் மேஜை கேட்டால் மட்டும் போங்கள். நோட்டரி போட்ட தாளை அதற்கு மேல் மாநில அளவில் சான்று வாங்கித்தான் வெளியுறவுத் துறைக்குக் கொண்டுபோக முடியும். சும்மா இருக்கிறவன் காதில் கட்டெறும்பை விட்ட கதையாகிவிடும்.

பென்னாகரம்காரி, 28 பிப்ரவரி 2025

மாந்தோப்பு தம்பி, ஒன்று கேட்கிறேன். அம்மாவின் கடிதம் ஏன் தமிழில் இருக்க வேண்டும்? வீட்டுக்கடன் தரும் பாங்குகளில் அன்பளிப்புக் கடிதத்துக்கு அச்சடித்த படிவம் வைத்திருப்பார்கள், ஆங்கிலத்தில். கொடுப்பவர் பெயர், உறவு, தொகை, திருப்பிக் கேட்க மாட்டேன் என்ற உறுதி, கையெழுத்து, அவ்வளவுதான். அம்மா அதில் தமிழில் கையெழுத்துப் போடலாம். கையெழுத்து எந்த மொழியிலும் இருக்கலாம், மொழிபெயர்ப்பே தேவையில்லை.

ஆனால் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது அல்லவா? தெரியாத மொழியில் இருக்கும் தாளில் கையெழுத்து வாங்கினால் நாளைக்கு "என்னன்னு தெரியாமத்தான் போட்டேன்" என்று சொல்ல இடம் இருக்கிறது. அதனால் அடியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். இந்தப் படிவம் தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டது, புரிந்துகொண்டு கையெழுத்திட்டார் என்று, படித்துக் காட்டியவர் பெயரோடு. அதை நோட்டரி முன்னால் செய்தால் நல்லது. இங்கேயும் நோட்டரி வருகிறார், ஆனால் மொழிபெயர்ப்புக்காக இல்லை.

சங்கத்துக் கடிதத்தையும் ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். கொடுத்தால் பாதித் தலைவலி போயிற்று.

மாந்தோப்பு, 3 மார்ச் 2025

படிவம் இருக்கிறதாம் அக்கா! தம்பி கேட்ட அன்றே அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதமாக யாருக்கும் இது தோன்றவில்லை.

செயலாளரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். "தமிழ்நாட்டுல இருந்துகிட்டு இங்கிலீஷ்ல கேக்கறியேப்பா" என்று சிரித்தார். அப்புறம், நீங்களே டைப் அடித்துக் கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றார். நானே டைப் அடித்த கடிதத்தில் கையெழுத்து வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவருக்கும் அதைப் படித்துச் சரிபார்க்க வராது. தமிழ்க் கடிதமே இருக்கட்டும், மொழிபெயர்ப்போடு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஓய்வுபெற்ற பாஸ்புக், 3 மார்ச் 2025

சரியாகச் செய்தீர்கள். அங்கிருந்து சங்கத்துக்குப் போன் வந்தால் செயலாளர் என்ன சொல்வார்?

மாந்தோப்பு, 12 மார்ச் 2025

மூன்றாவது தடவை. விவரமாக எழுதுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

வாத்தியார் மொழிபெயர்ப்பைத் திருத்தி 10ஆம் தேதி கையெழுத்துப் போட்டார். 11ஆம் தேதி காலை இருவரும் கிருஷ்ணகிரி போனோம். உறுதிமொழிப் பத்திரத்தை 200 ரூபாய் முத்திரைத்தாளில் அடித்தார்கள், 20 ரூபாய்த் தாள் இப்போது ஆகாது என்றார் குமாஸ்தா. பத்திரத்தில் வாத்தியாரின் பெயர், வயது, முகவரி, போன், தமிழும் ஆங்கிலமும் எத்தனை வருடம் கற்பித்தார், அம்மாவுக்கோ தம்பிக்கோ உறவில்லை, எந்தக் கடிதத்தை மொழிபெயர்த்தார் (சங்கத்தின் பெயர், கடித எண், தேதி), அது முழுமையானது, சரியானது. இந்த முறை வக்கீல் இருந்தார். வாத்தியாரின் ஆதாரைப் பார்த்தார், "படிச்சுப் பாத்துத்தான் போடறீங்களா" என்று கேட்டார், எதிரில் கையெழுத்து வாங்கினார், ரெஜிஸ்டரிலும் வாங்கினார்.

ஒரு இடத்தில் தப்பப் பார்த்தது. குமாஸ்தா பழைய பத்திரத்தின் மேலேயே அடித்ததால் தேதி 7 மார்ச் என்று இருந்தது. மொழிபெயர்ப்பு 10ஆம் தேதி, அதைச் சரி என்று சத்தியம் செய்தது 7ஆம் தேதி! வாத்தியார்தான் கண்டுபிடித்தார். பரீட்சைத் தாள் திருத்திய கண்.

அப்புறம் தமிழ்க் கடிதத்தின் நகல், மொழிபெயர்ப்பு, பத்திரம் மூன்றையும் சேர்த்துத் தைத்து, இரண்டு தாளிலும் பாதிப் பாதி விழும்படி சீல் வைக்கச் சொன்னேன். எந்த மொழிபெயர்ப்புக்கு எந்தப் பத்திரம் என்று பிரிந்துவிடாமல் இருக்க இது வாத்தியார் யோசனை. கலரில் ஸ்கேன் செய்து ஒரே கோப்பாக அனுப்பினோம். போன தடவை கறுப்பு வெள்ளையில் எடுத்ததில் சிவப்பு சீல் பாதி மறைந்திருந்தது.

மாந்தோப்பு, 21 மார்ச் 2025

மொழிபெயர்ப்பை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் புதுக் கேள்வி: "இந்தச் சங்கம் ஒரு வங்கியா? யார் மேற்பார்வை செய்கிறார்கள்?"

ஓசூர் ஷிப்ட், 21 மார்ச் 2025

ஐயோ, இதைத்தான் சொல்ல மறந்தேன். என் தங்கைக்கும் இதுவேதான். பிரிட்டன் மாணவர் விசாவில் பணம் 28 நாள் தொடர்ந்து இருக்க வேண்டும், அது இருக்கும் நிறுவனம் அந்த நாட்டின் முறையான கண்காணிப்பில் இருக்க வேண்டும். ஏரியா சங்கத்தில் இருந்த பணத்துக்கு எவ்வளவு அழகான மொழிபெயர்ப்பு வைத்தும் பிரயோஜனம் இல்லை. பணத்தை பாங்குக்கு மாற்றி மறுபடியும் 28 நாள் எண்ணினோம்.

ஓய்வுபெற்ற பாஸ்புக், 22 மார்ச் 2025

சங்கம் வங்கி இல்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு ரிசர்வ் வங்கி உரிமம் கிடையாது, மாநிலக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் பதிவானது அது. இதை மறைக்காமல் எழுதுங்கள். நோட்டரி சீல் மொழிபெயர்ப்பைப் பற்றி மட்டும்தான் பேசும், சங்கத்தை பாங்கு ஆக்காது.

உங்கள் கேஸில் வழி இருக்கிறது. டெபாசிட்டை முடித்து, செக்காகவோ நேரடி மாற்றாகவோ அம்மாவின் பாங்குக் கணக்குக்குக் கொண்டுவாருங்கள், ரொக்கமாக எடுக்காதீர்கள். பாங்கு ஸ்டேட்மென்ட் ஆங்கிலத்திலேயே வரும். சங்கத்துக் கடிதம் பணம் வந்த வழியைச் சொல்லும், ஸ்டேட்மென்ட் பணம் இருக்கும் இடத்தைச் சொல்லும். சங்கத்தின் கடிதத்தில் உள்ள தொகையும் பாங்கில் வரவான தொகையும் ஒன்றாக இருக்கட்டும், வட்டி சேர்ந்து வேறுபட்டால் அதற்கும் ஒரு வரி விளக்கம் வையுங்கள்.

எண்ணேகொள் புதூர் வாசி, 24 மார்ச் 2025

இடையில் வருகிறேன். அண்ணன் சிங்கப்பூரில் இறந்துவிட்டார். அங்கே பாங்கில் கொஞ்சம் பணம். நாங்கள் தமிழில் எழுதிய கடிதத்துக்கு மொழிபெயர்ப்பு கேட்கிறார்கள். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிதானே? பிறகு எதற்கு?

பென்னாகரம்காரி, 24 மார்ச் 2025

நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று, அது உண்மை. ஆனால் பாங்கின் கோப்பு ஆங்கிலத்தில் ஓடுகிறது. கவுண்டரில் இருப்பவர் தமிழராகவே இருந்தாலும் அவருக்கு மேலே கையெழுத்துப் போடுகிறவர் படிக்க வேண்டும் அல்லவா? கேட்டால் கொடுத்துவிடுவதுதான் வழி. நோட்டரி போதுமா, அங்கே உள்ள ஆளிடம்தான் மொழிபெயர்க்க வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். இறந்தவர் கணக்கு என்பதால் கோர்ட் உத்தரவும் கேட்கலாம், அங்கே விதி வேறாக இருக்கும்.

எண்ணேகொள் புதூர் வாசி, 25 மார்ச் 2025

எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

மாந்தோப்பு, 6 மே 2025

ஏப்ரலில் டெபாசிட்டை முடித்தோம். வட்டியோடு 12,40,000 அம்மா கணக்குக்கு வந்தது. அதில் 12 லட்சம் தம்பிக்குப் போயிற்று, ஏறக்குறைய இருபதாயிரம் கனடா டாலர். படிவத்தில் அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டார், வாத்தியார்தான் படித்துக் காட்டினார். "திருப்பிக் கேட்க மாட்டேன்" என்ற வரி வந்ததும் அம்மா நிறுத்தி, "இத எதுக்கு எழுதறாங்க, பெத்த புள்ளைகிட்ட யாராவது திருப்பிக் கேப்பாங்களா" என்றார். நோட்டரி வக்கீலே சிரித்துவிட்டார். போன வாரம் கடன் மஞ்சூர் ஆயிற்று.

சங்கத்துக் கடிதத்தின் மொழிபெயர்ப்பைக் கடைசியில் யாராவது படித்தார்களா, இல்லை ஸ்டேட்மென்ட்டை மட்டும் பார்த்தார்களா என்று தம்பிக்கும் தெரியவில்லை.

வாத்தியார் கூலி வாங்கவில்லை. தோப்பில் பெங்களூரா மாம்பழம் இறங்கியதும் ஒரு கூடை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

தொப்பூர் இறக்கம், 6 மே 2025

வாத்தியாருக்குக் கொடுக்க அல்போன்சா இல்லையா? கூழ் ஃபாக்டரிக்குப் போகிற பழத்தைக் கொடுக்கிறாரே!

பென்னாகரம்காரி, 7 மே 2025

அந்த வாத்தியார் போன் நம்பரைத் தனி மெசேஜில் அனுப்புங்கள் தம்பி. என்னால் முடியாத நாளில் ஒரு ஆள் வேண்டும்.

கேஆர்பி டேம், 9 மே 2025

தனி இழை போட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை.